ஊற்றுவதை நிறுத்திய பிறகு ஏறிய எடை: சேலத்துத் தறிவீட்டுக் குழந்தை ஒன்றின் 17 வாரங்கள்

குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இங்கே எழுதுவது நான் நேரில் பார்த்த ஒரு குழந்தையின் கதை. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பேசும்போது வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல 'பாப்பா' என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

வீடு கொண்டலாம்பட்டிப் பக்கம். அப்பா விசைத்தறியில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே தார் சுற்றுகிறார். பாப்பாவோடு ஐந்து வயது அண்ணன் ஒருவன், அப்பாவைப் பெற்ற தாத்தா, அப்பாயி. பகலில் பாப்பாவுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அப்பாயியின் பொறுப்பு.

பிறந்தபோது எடை 2.4 கிலோ. தாய் சேய் நல அட்டையில் ஒன்பதாம் மாதம் 6.8, பன்னிரண்டாம் மாதம் 7.1, பதினைந்தாம் மாதம் 7.4 என்று இருந்தது. பதினேழு மாதம் முடிந்து என்னிடம் வந்தபோது 7.6 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை காட்டும் நடு எடை 10 கிலோ. எடைக்குறைவு என்று சொல்லும் கோடு 7.9-இல் இருக்கிறது, கடும் எடைக்குறைவு 7-இல். பாப்பா இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். எடையை விட என்னை யோசிக்க வைத்தது அந்த வரிசைதான். ஒன்பதாம் மாதம் கோட்டுக்கு மேலே இருந்தவள், எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், ஒவ்வொரு முறையும் கோட்டை நெருங்கிக்கொண்டே வந்து, பதினைந்தாம் மாதம் அதற்குக் கீழே போய்விட்டாள். பால் மட்டும் போதாமல் சோறு முக்கியமாகிற வயதில்தான் இந்தச் சரிவு தொடங்கியிருந்தது.

முதலில் மருத்துவர் பார்த்தார். எடை ஏறாத குழந்தையைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று நேராக என்னிடம் அனுப்பிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வீட்டில் யாருக்காவது காசநோய், இதயத்தில் சத்தம் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. சிறுநீர் சரியாக இருந்தது. நடக்கிறாள், ஐந்தாறு வார்த்தை பேசுகிறாள். கால்களில் வீக்கம் இல்லை. மேல்கைச் சுற்றளவு 12.6 செ.மீ. 12.5-க்குக் கீழே போனால் மெலிவு, 11.5-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய கடும் மெலிவு. அந்தக் கோட்டை ஒட்டி நின்றாளே தவிர உள்ளே போகவில்லை. ஹீமோகுளோபின் 9.3. பதினொன்று இருக்க வேண்டும். இரும்புச் சத்து மருந்தும், வயதுக்கேற்ற அளவில் பூச்சி மருந்தும் கொடுத்துவிட்டு, வீட்டில் வைத்தே எடையை ஏற்றலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். வீட்டுக்கு நான் போய் வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் கண்டது

காலை பத்தரை மணிக்குப் போனேன். உள்ளே தறி ஓடும் சத்தம். திண்ணையில் அப்பாயி காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் காலின் மேல் மல்லாக்கக் கிடத்தியிருந்தார். இடது கையால் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, வலது கையில் பாலாடை. பாலாடையில் அரைத்த கஞ்சி. குழந்தை அழ வாய் திறக்கிற நேரம் பார்த்துப் பாலாடையைக் கவிழ்க்கிறார். தொண்டையில் 'களக்' என்று ஒரு சத்தம், பிறகு இருமல், பிறகு மறுபடி பாலாடை. நாலாவது முறை மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அப்பாயி முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க கண்ணு, ஊத்துனாத்தான் ஏதோ நாலு வாய் போவுது. விட்டா ஒரு பருக்கை தொடாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பிறகு கிண்ணத்தை வெறுமனே கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பாப்பா உதட்டை மடித்துப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். அவள் பயந்தது சோற்றைக் கண்டு அல்ல, கிண்ணத்தைக் கண்டு.

மல்லாக்கக் கிடத்தி, அழும்போது ஊற்றுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அழுகிற குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாயில் விழும் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். இருமலோடு முடிந்தால் நல்லது, நுரையீரலில் தங்கினால் நிமோனியா. அப்பாயியிடம் அன்று இதைச் சொன்னபோது பயமுறுத்துவதுபோல எடுத்துக்கொண்டார். சொன்ன விதம் என் தவறு, பின்னால் வருகிறேன்.

அடுத்து, ஒரு நாளில் உள்ளே போவது என்ன என்று அம்மாவிடம் காலையிலிருந்து வரிசையாகக் கேட்டேன். ஆறு மணிக்கு ஒரு பாட்டில் பால், பாதிக்குப் பாதி தண்ணீர். கெட்டியாகக் கொடுத்தால் மந்தம் ஆகும் என்று. எட்டு மணிக்குத் தாத்தா டீயில் தோய்த்துத் தரும் இரண்டு பிஸ்கட். பத்து மணிக்கு ஊற்றும் கஞ்சி. பன்னிரண்டுக்கு இன்னொரு பாட்டில். மதியம் மசித்த ரசம் சோறு மூன்று நாலு வாய். மூன்று மணிக்குப் பாட்டில், மறுபடி இரண்டு பிஸ்கட். மாலையில் ஜவ்வரிசிக் கஞ்சி. படுக்கும்போது பாட்டில். இரவில் தாய்ப்பால் இரண்டு முறை.

ஜவ்வரிசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலையும் வீட்டுப் பக்கத்து விஷயம். ஜவ்வரிசி மலிவு, சீக்கிரம் வேகும், வெந்ததும் பளபளவென்று கொழகொழப்பாக வருவதால் குழந்தைக்கு 'பலம்' என்ற நம்பிக்கை. உண்மையில் அது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. புரதம், கொழுப்பு, இரும்பு எதுவும் சொல்லும்படி இல்லை. அதிலும், கொஞ்சம் ஜவ்வரிசியே நிறையத் தண்ணீரைக் கெட்டியாக்கிவிடும். அந்த வீட்டில் ஒன்றரை டம்ளர் கஞ்சிக்கு இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசிதான். பார்க்கக் கெட்டி, உள்ளே நீர்.

மொத்தத்தையும் கணக்குப் போட்டால், தாய்ப்பால் நீங்கலாக ஒரு நாளைக்குச் சுமார் 450 கலோரி. பாதிக்கு மேல் நீர்ப்பாலும் சர்க்கரையும். இந்த வயதில் தாய்ப்பாலும் குடிக்கிற குழந்தைக்குச் சாப்பாட்டிலிருந்து சுமார் 550 வேண்டும், அது சாதாரணமாக வளர்கிற குழந்தைக்கு. விட்டதைப் பிடிக்க வேண்டிய பாப்பாவுக்கு 650, 700 வரை போனால் நல்லது.

எப்படி முடிவெடுத்தோம்

இங்கேதான் இந்தக் கேஸின் மையம். குழந்தையின் வயிறு ஒரு வேளையில் கொள்வது, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம் உணவு என்று ஒரு கணக்கு உண்டு. பாப்பாவுக்கு அது 230 மில்லி, நம் வீட்டு டம்ளர் ஒன்றுக்குச் சற்று மேல். பன்னிரண்டு மணிக்கு 150 மில்லி நீர்ப்பால் உள்ளே போனால், ஒரு மணிக்குச் சோற்றுக்கு இடமும் இருக்காது, பசியும் இருக்காது. பசியில்லாத நேரத்தில் ஊட்டினால் மறுப்பாள். மறுத்தால் ஊற்றுவார்கள். ஊற்றினால் கிண்ணத்தைக் கண்டாலே பயம். பயந்தால் இன்னும் குறைவாகச் சாப்பிடுவாள். அப்போது 'பாலாவது குடிக்கட்டும்' என்று இன்னொரு பாட்டில். இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

அதிகம் சாப்பிட வைப்பதை விட்டுவிட்டு, அவள் விரும்பிச் சாப்பிடும் அந்த நாலு வாயைக் கனமாக்குவது என்று முடிவெடுத்தோம். கணக்கும் அதற்கு ஒத்து வந்தது. உடம்பில் ஒரு கிராம் எடை கூடச் சுமார் 5 கலோரி செலவாகும். நாளொன்றுக்குக் கூடுதலாகப் பத்து கிராம் ஏற வேண்டுமென்றால் 50 கலோரி. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயிலோ நெய்யிலோ 45 கலோரி இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு ஸ்பூனா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். ஆனால் எண்ணெய் மட்டும் ஊற்றி ஏற்றிவிட முடியாது. புரதமும் இரும்பும் கூடவே போகவில்லையென்றால் எடை ஏறும், உயரமும் ரத்தமும் ஏறாது. அதனால் எண்ணெயை எப்போதும் பருப்பு, முட்டை, நிலக்கடலை இவற்றோடுதான் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வாரத்துக்கு மூன்றே மாற்றங்கள். பாலாடையை எடுத்து வைத்துவிட வேண்டும். பகல் பால் நாலு முறையிலிருந்து இரண்டு முறையாக, தண்ணீர் கலக்காமல், காய்ச்சி, டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. பிஸ்கட்டும் டீயும் நிற்க வேண்டும். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது என்பதால் அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரவுத் தாய்ப்பால் அப்படியே தொடரலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு ஒழுங்கு சொன்னோம். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில். எவ்வளவு என்பது பாப்பா கையில். தலையைத் திருப்பினால் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை காட்டலாம், மறுபடி திருப்பினால் தட்டை எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் எந்த வேளையும் நீளக் கூடாது.

சமையலில் செய்த மாற்றம்

புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவுகூட வீட்டில் இருந்தது, அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உருண்டை பிடித்துத் தின்று கொண்டிருந்தான்.

ஜவ்வரிசியை நிறுத்திவிட்டு, காலைக் கஞ்சியை ராகிக்கு மாற்றினோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ராகியைச் சத்து வரும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சினால் களிபோல ஆகிவிடும், குழந்தை விழுங்காது. தண்ணீர் சேர்த்தால் பழைய கதைதான். இதற்கு வழி முளைகட்டிய ராகி. ராகியை ஊற வைத்துத் துணியில் கட்டி முளை வந்ததும் நிழலில் காய வைத்து அரைத்தால், அந்த மாவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கும். மூன்று டேபிள்ஸ்பூன் சாதா ராகி மாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்கி, மூடி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கெட்டிக் கஞ்சி கரண்டியிலிருந்து வழுக்கி விழும் அளவுக்கு இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. பிறகு பாலை விட்டு மறுபடி ஒரு கொதி கொதிக்க விட வேண்டும். அப்பாயியின் அடுப்பில் இதைச் செய்து காட்டியபோது அவர் கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். என்னை நம்பத் தொடங்கியது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் அவர் தானாகச் செய்தபோது இளகவில்லை. காரணம் தேடினால், முளைகட்டிய மாவை வாசனை வருமட்டும் வறுத்து வைத்திருந்தார். வறுத்தால் நொதி செத்துப்போகும். காய வைத்து அரைத்தால் போதும்.

இளகிய கஞ்சியில் அரை டம்ளர் பால், நன்றாகப் பொடித்த நிலக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், வெல்லம் ஒரு டீஸ்பூன், தேங்காய் எண்ணெயோ நெய்யோ ஒரு டீஸ்பூன். எல்லாம் சேர்ந்து ஒரு டம்ளருக்கு ஏறத்தாழ 275 கலோரி. பாப்பா பாதி டம்ளர்தான் குடித்தாள் என்றாலும் 135-க்கு மேல் போய்விடும். பழைய ஜவ்வரிசிக் கஞ்சியில் அதே பாதி டம்ளரில் 40-தான் இருந்தது.

நிலக்கடலை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொன்னேன்: முழுக் கடலையோ உடைத்த கடலையோ கடலை உருண்டையோ இந்த வயதில் கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். நைசாகப் பொடித்துக் குழைத்துத்தான். முதல் தடவை கால் ஸ்பூன் மட்டும் பகலில் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளவைக் கூட்டினோம்.

மதியச் சோற்றில் ரசத்தை நிறுத்தினோம். அதற்குப் பதில் கடைந்த பருப்பின் கெட்டி, ஒரு டீஸ்பூன் நெய், வாரத்தில் நாலைந்து நாள் ஒரு முட்டை மசித்துப் பிசைந்து. கெட்டி சரிதானா என்று பார்க்க எளிய சோதனை: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் சோறு ஸ்பூனில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. மாலையில் மசித்த வாழைப்பழம், அல்லது ஏற்காட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தாய்மாமன் கொண்டு வரும் பட்டர் ஃப்ரூட். அது நூறு கிராமுக்கு 160 கலோரி, வாழைப்பழத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. காப்பித் தோட்டங்களுக்குள் வளர்வது, சீசனில் அந்த வீட்டுக்கு இலவசமாகவே வந்தது. சீசன் இல்லாதபோது நெய் விட்டு மசித்த உருளைக்கிழங்கு.

முதல் இரண்டு வாரம்: கொலுசும் செல்போனும்

பாலாடை நின்ற முதல் மூன்று நாள் பாப்பா பகலில் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. இது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் அம்மா தாங்கிக்கொண்டார். சிறுநீர் சரியாகப் போகிறதா, விளையாடுகிறாளா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சரியாக இருந்தன.

நாலாம் நாள் நடந்ததை அம்மா சொல்லிக் கேட்டேன், ஏழாம் நாள் நானே பார்த்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து இட்லி தின்கிறான். தட்டில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும். பாப்பா நடந்து வந்து பக்கத்தில் குந்தி, ஆட்காட்டி விரலை எண்ணெயில் தோய்த்து வாயில் வைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி தோய்த்தாள். அப்புறம் இட்லியில் ஒரு விள்ளல் பிய்த்து, எண்ணெயில் புரட்டி, பாதியை மடியில் கொட்டிக்கொண்டு மீதியைத் தின்றாள். அப்பாயி எழப் போனார். அம்மா, "அத்தை, விடுங்க, அதுவே திங்கட்டும்" என்றார். அன்றிலிருந்து பாப்பாவுக்குத் தனிக் கிண்ணம் கிடையாது. அண்ணன் பக்கத்தில் ஒரு சிறு தட்டு. பொடியில் காரம் இல்லாமல் தனியாக அரைத்தார்கள்.

இரண்டாம் வாரம் எடை பார்த்தோம். முதல் நாள் என் டிஜிட்டல் தராசில் 7.62. இப்போது 7.54. எண்பது கிராம் குறைவு. அன்று சாயந்திரமே பாலாடை வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். போன் வந்ததும் ஓடினேன். யோசித்துப் பார்த்தபோது, முதல் நாள் காலில் வெள்ளிக் கொலுசு இருந்தது நினைவுக்கு வந்தது. நடுவில் திருகாணி கழன்றதென்று பட்டறைக்குக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்திருந்த ஜோடியைத் தராசில் வைத்தேன்: 60 கிராம். உண்மையில் குறைந்தது 20 கிராம். அந்தத் தராசு காட்டும் மிகச் சிறிய அளவே 20 கிராம்தான். அதாவது எடை மாறவே இல்லை. கொலுசு போட்ட குழந்தையை அப்படியே தராசில் வைத்தது நான்தான். அந்த இரண்டு நாள் ஊற்றலுக்குப் பொறுப்பு எனக்கும் உண்டு.

அதே நேரத்தில் இன்னொன்றும் முளைத்திருந்தது. பாலாடைக்குப் பதில் செல்போன். பாட்டு ஓடும், பாப்பா வாயைத் திறந்தபடி பார்ப்பாள், அந்த வாயில் சோறு போகும். அழுகை இல்லை, அதனால் யாருக்கும் இது கட்டாயம் என்றே தோன்றவில்லை. ஏன் இப்படி என்று கேட்டபோது அம்மா நான் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினார். அதில் ஒவ்வொரு வேளைக்கும் 'அரை டம்ளர்', 'கால் கிண்ணம்' என்று அளவு எழுதியிருந்தேன். சமைக்க எழுதிய அளவு, முடிக்க வேண்டிய அளவாகப் போய்விட்டது. தாளை வாங்கி அளவுகளை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் தினசரி நாள்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் ஓர் எழுத்து மட்டும்: தானாக வாய் திறந்தால் 'தி', மூடிக்கொண்டால் 'மூ'. எவ்வளவு தின்றாள் என்று எழுதவே கூடாது.

மூன்றாம் வாரம் முதல் பதினேழாம் வாரம் வரை

மூன்றாம் வாரத்தில் 'மூ' பாதிக்குப் பாதி. ஐந்தாம் வாரத்தில் நாளுக்கு ஒன்று. எடை நாலாம் வாரம் 7.72, ஆறாம் வாரம் 7.94, கொலுசு இல்லாமல்.

ஏழாம் வாரம் வயிற்றுப்போக்கு வந்தது. நாலு நாள். அப்பாயி உடனே நெய்யையும் பருப்பையும் நிறுத்திவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சிக்குப் போய்விட்டார். எடை 7.70-க்கு இறங்கியது. ஆறு வாரத்தில் ஏறியதில் பாதிக்கு மேல் நாலு நாளில் போனது. மருத்துவர் ஓ.ஆர்.எஸ். கரைசலும் பதினாலு நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். நான் சொன்னது: வயிற்றுப்போக்கிலும் சாப்பாடு நிற்கக் கூடாது. தயிர் சோறு, மசித்த வாழைப்பழம், கடைந்த பருப்புச் சோறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம், முழுதாக நிறுத்த வேண்டாம். சரியான பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாக.

நோய் விட்ட குழந்தைக்கு வருகிற பசி தனி. அந்த இரண்டு வாரத்தில் பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய் நின்றதாக அம்மா சொன்னார். ஒன்பதாம் வாரம் 8.02. பதின்மூன்றாம் வாரம் 8.46. பதினேழாம் வாரம், இருபத்தோரு மாதம் முடிந்தபோது 8.86. அந்த வயதுக்கு எடைக்குறைவுக் கோடு 8.6. பாப்பா கோட்டைத் தாண்டிவிட்டாள். மேல்கை 13.5 செ.மீ. உயரம் 76-லிருந்து 79.5. ஹீமோகுளோபின் 10.8, இன்னும் கொஞ்சம் போக வேண்டும் என்பதால் இரும்பு மருந்து தொடர்கிறது.

நடு எடை அந்த வயதில் 10.9. அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. 2.4 கிலோவில் பிறந்த குழந்தை நடுக்கோட்டுக்கே வர வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. சரிந்துகொண்டிருந்த கோடு மேலே திரும்பியதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு முறை என்றால் எதை மாற்றுவேன்

முதல் நாளே அப்பாயியோடு அடுப்படியில் தொடங்குவேன். மூச்சுக்குழாய், நிமோனியா என்று நான் திண்ணையில் நின்று பேசியது, பேத்திக்கு அவர் கெடுதல் செய்கிறார் என்று சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு வேளையும் தவறாமல் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். ராகி இளகுவதைப் பார்த்த பிறகு அவரே பாலாடையைக் கழுவிப் பரணில் வைத்தார். அதை முதல் நாளே காட்டியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

தாளில் அளவு எழுத மாட்டேன். எடை போடும் முன் கொலுசு, அரைஞாண், தண்டை எல்லாம் கழற்றச் சொல்வேன், அதே தராசு, அதே நேரம். இரண்டு வாரத்துக்குள் எடை பார்க்கவே மாட்டேன். அதற்குள் வரும் ஏற்ற இறக்கம் வயிற்றிலிருக்கும் பாலும் நிறைந்த சிறுநீர்ப்பையும்தான், வீட்டாருக்கு அது கலக்கத்தை மட்டுமே தரும்.

வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதை, அது வருவதற்கு முன்பே முதல் மாதத்திலேயே சொல்லி வைப்பேன். ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு மாதத்தில் ஒருமுறையாவது வரும் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டேன்.

ஒன்றை மாற்ற மாட்டேன். மேல்கை 11.5-க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தாலோ, பாலாடை நின்று நாலைந்து நாள் கழித்தும் பசியே எடுக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, இந்த வழியில் ஒரு நாள்கூட வீட்டில் காத்திருக்க விட்டிருக்க மாட்டேன். அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது மருத்துவமனை. பாப்பாவுக்கு இது பலித்ததற்குக் காரணம் அவளிடம் பசி இருந்தது. நீர்ப்பாலும் பயமும் அதை மூடி வைத்திருந்தன.

கடைசியாகப் போனபோது நாள்காட்டியில் அந்த வாரம் முழுக்க 'தி'. வியாழக்கிழமை இரவுக்கு மட்டும் ஒரு 'மூ', பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் 'தூக்கம்' என்று இருந்தது. அன்று தட்டை எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த எடை பார்ப்பது இருபத்து நாலாம் மாதத்தில்.